கடைசி வரியில் வந்த மருத்துவர்: விரத வழிகாட்டிக் காணொலி ஒன்றும் ஒரு தாழ்சர்க்கரை நிகழ்வும்

நீரிழிவு உள்ளவர்களும் முதியவர்களும் கருவுற்ற பெண்களும் பாதுகாப்பாக விரதம் இருப்பது எப்படி என்று விளக்கும் 11 நிமிடக் காணொலி ஒன்றைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு விரதத்தைத் தொடங்கிய 71 வயது முதியவர், மூன்றாம் நாள் மாலை நினைவு தடுமாறிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். பக்கவாதம் என்று நினைத்தே குடும்பத்தினர் அழைத்து வந்தார்கள். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 38 மில்லிகிராம் இருந்தது.

அந்தக் காணொலியில் பேசியவர் ஒரு மருத்துவர். அவர் சொன்னவற்றில் எதையும் தனியாக எடுத்து வைத்து இது தவறு என்று சொல்லிவிட முடியாது. "உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசித்த பிறகே விரதம் இருங்கள்" என்ற வரியும் இறுதியில் இருந்தது. அப்படியிருந்தும் இது ஏன் நேர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். இதில் வரும் குடும்பம் ஒரே ஒரு குடும்பம் அன்று; நீரிழிவுச் சிகிச்சையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் காணும் நிகழ்வுகளை ஒன்றாக்கி, அடையாளங்களைத் தவிர்த்து, ஒரு மாதிரியாக இங்கே தந்திருக்கிறேன்.

நிகழ்வு

முதியவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. உயர் ரத்த அழுத்தமும் உண்டு. காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் ஒரு 'சுகர் மாத்திரை' போடுவார். வீட்டில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் 50 மில்லிகிராமும், அதோடு சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை ஒன்றும் காலையில் உண்டு. விரதத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.7 விழுக்காடு. கிரியாட்டினின் 1.7, அவர் வயதுக்கு இதைக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறத்தாழ 43 மட்டுமே. ஆனால் அறிக்கைத் தாளில் கிரியாட்டினின் எண் மட்டுமே அச்சாகியிருந்தது, வடிகட்டும் திறன் கணக்கிடப்படவில்லை. "சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று அன்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். விரதத்தைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

விடியலுக்கு முன் உண்டு, அதன்பின் சூரியன் மறையும் வரை நீரும் அருந்தாத விரதம் அது. காணொலியில் சொன்னபடி, காலை மாத்திரையை விடியலுக்கு முந்தைய உணவோடு எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு நாட்களும் சோர்வைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அதிகாலை 4.30 மணிக்கு எழுந்தபோது பசியில்லை. வழக்கமாக உண்பதில் பாதியைக்கூட உண்ணாமல், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

பிற்பகல் 2.30 மணியளவில் எரிச்சலாகப் பேசத் தொடங்கினார். "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார், சொன்னார்கள். சில நிமிடங்களில் மீண்டும் அதையே கேட்டார், பிறகு மீண்டும். நெற்றியும் கழுத்தும் வியர்த்திருந்தன. கை நடுக்கமோ படபடப்போ இல்லாததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. "பசி மயக்கம்தான்பா, இன்னும் கொஞ்ச நேரம்தானே, படுத்துக்கோங்க" என்று மகன் அவரைப் படுக்க வைத்தார். 4.15 மணிக்கு எழுப்பியபோது கண்ணைத் திறந்தாரே தவிர பேச்சு குழறியது, வலது கை தளர்ந்து கிடந்தது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது; அது மேசை இழுப்பறைக்குள்ளேயே இருந்தது.

மருத்துவமனையில் 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 100 மில்லி, அதாவது 25 கிராம் குளுக்கோஸ், நரம்பு வழியே செலுத்தப்பட்டது. இருபது நிமிடத்தில் சர்க்கரை 142க்கு வந்தது. பேச்சும் கையும் சீராயின. ரத்த அழுத்தம் 98/60. கிரியாட்டினின் 1.7லிருந்து 2.1க்கு ஏறியிருந்தது, உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. குடும்பத்தினர் அன்றிரவே வீட்டுக்கு அழைத்துப் போக விரும்பினார்கள். பணியிலிருந்த மருத்துவர் மறுத்தது சரியாயிற்று: இரவு 9 மணிக்கு, உணவு உண்ட பிறகும், சர்க்கரை மீண்டும் 61க்கு இறங்கியது. டெக்ஸ்ட்ரோஸைத் தொடர்ந்து சொட்டாக ஏற்றி 36 மணி நேரம் கண்காணித்த பிறகே அனுப்பினார்கள்.

மாத்திரை அட்டையில் இருந்தது

'சுகர் மாத்திரை' உண்மையில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள்: கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவருக்குப் பட்டினியால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. அது கல்லீரல் வெளியிடும் சர்க்கரையின் அளவைக் குறைக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் செய்வதில்லை. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை அடங்கிய சல்ஃபோனைல்யூரியா வகை அப்படியன்று. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். கிளிமெபிரைடு உட்கொண்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் செயல் உச்சத்தை எட்டும். ஒரு வேளை மாத்திரையின் தாக்கம் ஒரு நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். சிறுநீரகத் திறன் குறைந்தவரிடம் மருந்தின் செயல்படும் சிதைபொருட்கள் வெளியேறத் தாமதமாவதால் தாக்கம் இன்னும் நீளும். இரவு 9 மணிக்குச் சர்க்கரை மீண்டும் இறங்கியதன் காரணம் இதுவே. இவ்வகை மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரையை ஒரு குவளை சர்க்கரைத் தண்ணீரில் முடிந்த விஷயமாகக் கருத முடியாது. உள்நோயாளியாக வைத்துக் கண்காணிப்பது அதனால்தான்.

காணொலியில் வந்த அறிவுரை: "காலை மாத்திரையை விடியலுக்கு முந்தைய உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள், இரவு மாத்திரையை விரதம் முடிக்கும் உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள்." மெட்ஃபார்மினுக்கு இது மிகச் சரி. சல்ஃபோனைல்யூரியா எடுப்பவருக்கோ, நீண்ட பட்டினி தொடங்கும் நேரத்தில் முழு அளவையும் கொடுப்பதாக முடிகிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ரமலான் நோன்பை முன்னிட்டு வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டி, ஒரு நாளுக்கு ஒரு வேளை இவ்வகை மாத்திரை எடுப்பவர் அதை மாலை உணவோடு எடுக்கலாம் என்றும், இரு வேளை எடுப்பவருக்கு விடியல் வேளை அளவைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் காணொலி 'மாத்திரை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

"அப்படியானால் காலையில் பாதி மாத்திரை போட்டால் போதுமே" என்று மகன் பின்னர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மெட்ஃபார்மின் கலந்த மாத்திரையை உடைக்கக் கூடாது. உடைத்தால் அந்த அமைப்பு கெட்டு மருந்து ஒரேயடியாக வெளிவரும். எனவே இவருக்கு விடியல் வேளை அளவைக் குறைக்க ஒரே வழி, இரண்டு மருந்துகளையும் தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ புதிய சீட்டு எழுதுவதுதான். அதை வீட்டில் செய்ய முடியாது. எழுதிய பிறகும் புதிய மருந்தில் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சில வாரங்கள் வேண்டும். விரதத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வது இந்த அவகாசத்துக்காகவே. காணொலி வெளியானது விரதத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பு.

அடையாளங்கள் ஏன் மறைந்தன

சர்க்கரை தாழும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசிக்கும் என்று காணொலி சொன்னது. அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும்; வியர்வையை மறைப்பதில்லை. அந்த ஒரே அடையாளம் இவரிடம் இருந்தது, வெயில் என்று விட்டுவிட்டார்கள். வயது கூடக் கூட இந்த எச்சரிக்கை அறிகுறிகள் இயல்பாகவே மங்கும். அவற்றுக்குப் பதிலாகக் குழப்பம், எரிச்சல், பேசியதையே பேசுதல், தடுமாறி விழுதல் ஆகியவை முதலில் தெரியும். சில வேளைகளில் ஒரு பக்கக் கை கால் தளர்ந்து பக்கவாதம் போலவே இருக்கும். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் முதியவர் விரத நாளில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால், அதுவே சர்க்கரையைச் சோதிக்கப் போதுமான காரணம்.

இந்தக் குடும்பம் 2.30 மணிக்குச் சோதித்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 70க்குக் கீழே இருந்திருந்தால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இடத்திலேயே விரதத்தை முடித்திருக்க வேண்டும். 300க்கு மேல் இருந்தாலும் அப்படியே. 54க்குக் கீழே போனால் மூளைக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்காமல் போகும் நிலை. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறிய பின் உணவும் வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காணொலியின் ஏழாம் நிமிடத்தில் "நீரிழிவு உள்ளவர்கள் விரத நாட்களில் இனிப்பை அறவே தவிர்க்க வேண்டும்" என்று வந்தது. விரதம் முடிக்கும் உணவைப் பற்றிச் சொன்னது அது. அந்த அளவில் நல்ல அறிவுரை. ஆனால் 4.15 மணிக்கு மருமகள் சர்க்கரை கரைக்கப் போனபோது "சுகர் பேஷண்டுக்கு இனிப்புக் கொடுக்காதே" என்று தடுத்தவர்கள் இந்த வரியைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அந்நேரம் அவருக்கு விழுங்கும் தெளிவு இல்லாததால் கொடுக்காமல் விட்டது தற்செயலாக நல்லதாயிற்று. 2.30 மணிக்கே இந்தத் தடை வந்திருந்தால் அது வேறு கதை.

கருவுற்றிருந்த மகள்

அதே காணொலியை அவருடைய மகளும் பார்த்தார். அவர் 30 வாரக் கர்ப்பிணி. கர்ப்பகால நீரிழிவு, உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தது. கருவுற்றவர்களுக்குக் காணொலி ஒதுக்கியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, சாரம், "உடலில் தெம்பு இருந்தால் இருக்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம்."

தெம்பை அளவுகோலாக வைத்தது இங்கே பிழை. கருவுற்ற பெண்ணின் உடல், குறிப்பாகப் பிற்பகுதி மாதங்களில், உணவு நின்ற சில மணி நேரங்களிலேயே கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். ரத்தச் சர்க்கரை விரைவாக இறங்கி, கீட்டோன்கள் விரைவாக ஏறும். தாய் ஓரளவு தெம்பாக உணரும்போதே இது நடக்கும். இவர் இரண்டாம் நாள் மாலை, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாக உணர்ந்து மகப்பேறு மருத்துவரிடம் சென்றார். சர்க்கரை 68, சிறுநீரில் கீட்டோன் இருந்தது. விரதத்தை நிறுத்தி நீரும் உணவும் கொடுத்த பிறகு குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு இயல்பாக இருந்தது. அசைவு குறைதல், வலியோடு வயிறு இறுகுதல், அடர்நிறச் சிறுநீர், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எதுவந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்ற ஒரு வாக்கியத்துக்குக் காணொலியில் இடம் இருந்திருக்கலாம். மகளுக்கு அது யாரும் சொல்லாமலே தோன்றியது; எல்லோருக்கும் தோன்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

கலந்தாலோசித்ததாக நினைத்தவர்

முதியவர் தேறிய பிறகு அவரிடம், மருத்துவரைக் கேட்ட பின்பே விரதம் இருக்கும்படி காணொலி சொன்னதே என்று கேட்டபோது, "கேட்டாயிற்றே, போன தடவை நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாரே" என்றார். அவர் அறிவுரையை மீறியவரல்லர், நிறைவேற்றிவிட்டதாக நம்பியவர். 6.7 என்ற எண்ணையே அனுமதியாக எடுத்துக்கொண்டார். சல்ஃபோனைல்யூரியாவில் இருக்கும் முதியவருக்கு அந்த எண் நற்செய்தியே அன்று: சராசரி அவ்வளவு தாழ்ந்திருந்தால் இன்னும் இறங்க இடம் குறைவு. பல நோய்களும் சிறுநீரகக் குறைவும் உள்ள முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்று இலக்கைத் தளர்த்தச் சொல்வது அதனால்தான்.

ஆகவே காணொலியின் குறை, மருத்துவரைப் பார்க்கச் சொல்லாதது அன்று. எப்போது, எதை எடுத்துக்கொண்டு, என்ன கேட்பதற்காகப் பார்க்க வேண்டும் என்று சொல்லாததும், பத்து நிமிட அறிவுரை கேட்டு முடிந்த பின் அதைச் சொன்னதும்தான். செய்முறையை முழுதும் கேட்டவருக்கு அந்த வரி, விளம்பரத்தின் கீழ் ஓடும் நிபந்தனை வரிபோல் காதில் விழுந்து போய்விடுகிறது.

இந்தக் காணொலியை மறுபடி எடுப்பதாக இருந்தால் முதல் நிமிடத்தில் என்ன வர வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பார்ப்பவர் தம் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, பெரிய எழுத்தில் உள்ள நிறுவனப் பெயரை விட்டுவிட்டு, அதன்கீழ் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். படிக்க முடியாதவர் மருந்துக்கடையில் கேட்கலாம். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, மருந்தை மாற்றியமைக்காமல் விரதத்தைத் தொடங்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இருந்தால் கவலை வேறு: அவை சிறுநீர் வழியே சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும், சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் நஞ்சாகும் நிலையும் வரக்கூடும். சிறுநீரகக் குறைவு, அண்மையில் வந்த கடுமையான தாழ்சர்க்கரை, கர்ப்பம், தனியாக வாழும் முதுமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்படி விரதம் இருப்பது" என்பதன்று. "எனக்கு விரதம் வேண்டுமா, வேண்டாமா" என்பதே.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் அதிகமில்லை. என் சிறுநீரகத் திறன் எவ்வளவு, என் மாத்திரைகளில் சர்க்கரையைத் தாழ்த்தக் கூடியது எது, விரத நாளில் அதை எந்த வேளையில் எந்த அளவு எடுப்பது, எந்த எண்ணில் நிறுத்துவது என்ற நான்கையும் தாளில் எழுதி வாங்கிவந்தால், பிற்பகல் 2.30 மணிக்கு வீட்டில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அது பயன்படும். எழுதி வாங்கச் சொல்வதற்குக் காரணம், அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை.

காணொலியால் ஒருபோதும் செய்ய முடியாததும் உண்டு. எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை அது சொல்லவே கூடாது. அதே கிளிமெபிரைடை எடுக்கும் இருவருக்குச் சிறுநீரகம் வேறு, எடை வேறு, உண்ணும் அளவு வேறு. வீட்டில் சோதிக்கும் நேரங்களை மட்டும் அது பொதுவாகச் சொல்லலாம்: விடியலுக்கு முந்தைய உணவின்போது, முற்பகல், நண்பகல், பிற்பகல் நடுவில், விரதம் முடிக்கும் முன், முடித்த இரண்டு மணி நேரம் கழித்து, இவை தவிர உடல் சரியில்லை என்று தோன்றும் எந்த நேரமும்.

முதியவரின் சிகிச்சை இப்படி மாறியது. கிளிமெபிரைடு நிறுத்தப்பட்டு, சிறுநீரகத் திறன் குறைந்தாலும் அளவை மாற்ற வேண்டாத லினாக்ளிப்டின் 5 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. கிரியாட்டினின் பழைய நிலைக்குத் திரும்பிய பின் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் தனி மாத்திரையாக இரு வேளை மீண்டும் கொடுக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் எஞ்சிய நாட்களுக்கு விரதம் வேண்டாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.3, அந்த வயதுக்கு இது வசதியான எண். அடுத்து, சோதித்துப் பார்ப்பதற்காக, மருத்துவரின் மேற்பார்வையில் நீர் மட்டும் அருந்தி ஒரு நாள் விரதம் இருந்தார். நாள் முழுதும் எடுத்த அளவுகளில் மிகக் குறைந்தது 94. சர்க்கரை தேறிவிட்டது, ஆனால் அன்று மாலை படுத்திருந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி அளந்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் எண் மூன்று நிமிடத்துக்குள் 24 இறங்கியது. 20 இறங்கினாலே விழும் அபாயம் உண்டு. நீர் அருந்திய நாளிலேயே இந்த நிலை என்பதால், சிறுநீர் மாத்திரையை மாற்றி மறுபடி அளக்கும் வரை நீர் அருந்தாத விரதத்துக்கு அனுமதி இல்லை என்று அவர் கையில் இருந்த தாளிலேயே மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.